சமையல் எண்ணெய், நெய் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வியாபாரிகளுக்கு, வணக்கம்.

ஒரு சிறிய மெஸ்ஸுக்கு எண்ணெய் கொள்முதல் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைகளில் 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விலைப்பலகையிலோ “டின்” என்று மட்டுமே எழுதியிருக்கிறது.

லிட்டரும் கிலோவும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். எண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால்தான் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பாக்கெட்டின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் இந்த எண்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 15 கிலோ டின் 2,400 ரூபாய், 15 லிட்டர் டின் 2,250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது டின் 150 ரூபாய் மலிவாகத் தெரிகிறது. ஆனால் அதில் இருப்பது 13.65 கிலோ எண்ணெய்தான். முதல் டின்னில் கிலோ 160 ரூபாய், இரண்டாவதில் ஏறத்தாழ 165 ரூபாய். மலிவு என்று எடுத்தவர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

வெப்பநிலையும் இதில் சேர்கிறது. சூடேறினால் எண்ணெய் விரியும். அதே லிட்டருக்குள் எடை குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராமும், 60 டிகிரியில் சுமார் 893 கிராமும் இருக்கும். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்குப் போட்டதால்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் அதனுடன் சரியான எடையையும் அச்சிடுமாறு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டது. செக்கிலிருந்து இறங்கிய சூடு ஆறாமலே லிட்டர் படியில் அளந்து ஊற்றினாலும் இதே கதைதான், சிறிய அளவில்.

நெய்யில் குழப்பம் இன்னும் அதிகம். உருக்கிய சூட்டில் கழுத்துவரை நிரப்பிய பாட்டில், உறைந்த பிறகு மட்டம் இறங்கி நிற்கும். வாங்குபவர் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வருவார். எடையில் ஒரு கிராமும் குறைந்திருக்காது. மறுபக்கம், 500 மில்லி நெய் சுமார் 455 கிராம்தான். அதை “அரைக் கிலோ” என்று சொல்லி விற்பது சரியல்ல, அது வாய்ப்பழக்கமாக இருந்தாலும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: டின் எதுவானாலும் விலைப்பலகையில் கிலோ விலையையும் எழுதுங்கள், சில்லறையில் ஊற்றிக் கொடுக்கும் எண்ணெயைப் படியில் அளக்காமல், பாத்திரத்தின் எடையைக் கழித்துத் தராசில் நிறுத்துக் கொடுங்கள், நெய்யை எப்போதும் எடைக்கே விற்பனை செய்யுங்கள். லிட்டர் கேட்டு வருபவருக்கு 910 கிராம் நிறுத்தால் போதும், உங்களுக்கும் நட்டமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்