கேஷ் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது?

வினாடி வினா நடத்தும் தமிழ் மன்றத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பள்ளி விழாவில் என் மகள் வினாடி வினாவில் கலந்துகொண்டாள். 'பணத்தைக் குறிக்கும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?' என்று கேட்டார்கள். 'பிரெஞ்சு' என்றாள். தவறு என்று மணியடித்தார்கள். 'தமிழ்க் காசுதான் கேஷ்' என்று அறிவித்ததும் அரங்கமே கைதட்டியது. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் காசுக்கும் அதில் ஒரு கதை இருக்கிறது, அதுதான் அந்த மேடையில் சொல்லப்படாமல் போனது.

ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. எழுத்து ஒன்றுதான், பிறந்த இடம் வேறு. வங்கியில் எண்ணிக் கொடுக்கும் கேஷ் லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்ஸா'வின் வழி வந்தது. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சில் 'கேஸ்' ஆயிற்று. முதலில் பணப்பெட்டி, பிறகு அதில் இருக்கும் பணம். 'கல்லாவில் எவ்வளவு இருக்கு' என்று கடையில் கேட்கிறோமே, அந்த மாதிரி பெட்டியின் பெயரே பணத்துக்கு ஆகிவிட்டது.

இரண்டாவது கேஷ் நம்முடையது. கடற்கரைக்கு வியாபாரத்துக்கு வந்த போர்த்துகீசியர் 'காசு' என்று கேட்டதை 'காய்ஷா' என்று எழுதினார்கள். ஏன் அப்படி? அவர்கள் மொழியில் பெட்டிக்கு ஏற்கெனவே 'காய்ஷா' என்ற சொல் இருந்தது, அதுவும் அதே லத்தீன் பெட்டியின் பிள்ளை. புதுச் சொல் காதில் விழும்போது, பழகின சொல்லின் அச்சில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து வாங்கி 'கேஷ்' ஆக்கினார்கள். கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசைக் கணக்குப் புத்தகத்தில் கேஷ் என்றே எழுதினார்கள். அப்புறம் அதே பெயரைச் சீனத்தின் சதுரத் துளை போட்ட செப்பு நாணயத்துக்கும் வைத்துவிட்டார்கள். இன்றும் நாணயம் சேர்ப்பவர்கள் அதைக் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். நம் காசு சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயராகப் போயிருக்கிறது! (காசையே வடமொழிக் 'கர்ஷ'த்தோடு இணைப்பவர்களும் உண்டு. அது தனி வழக்கு.)

ஒலி ஒத்துப்போவது மட்டும் சாட்சி ஆகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் எழுதினார், எங்கே, எந்த ஆண்டில், நடுவில் எந்த மொழியின் கை பட்டது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன கட்டுமரம் இந்தச் சோதனையில் கம்பீரமாகத் தேறும். 1697-ல் அச்சான பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி, சோழமண்டலக் கரையில் கட்டுமரம் பார்த்ததை எழுதுகிறார். ஓரிரு மரத்துண்டுதான், ஒரே ஆள் போவார், அவர் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். பார்த்து எழுதியது என்பது படிக்கும்போதே தெரிகிறது.

பெயர் போன இடத்தில் பொருள் மாறியது. 1876-ல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற பாய்மரப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார். அந்த வகைப் படகுக்குக் கட்டுமரத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுமரத்துக்கோ உடலே கிடையாது. லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம். ஆகவே 'கட்டுமரத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் கேட்டமரான் செய்தான்' என்று மேடையில் சொல்லாதீர்கள். அவர்கள் எடுத்துப் போனது பெயரை மட்டும்தான்.

'அணைக்கட்டு' இன்னும் நேரான வழியில் போனது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டத் தொடங்கினார், ஆங்கிலக் கோப்புகளில் அது 'அனிகட்'. பிறகு அவர் கோதாவரிக்குப் போனார். 1852-ல் தவளேஸ்வரத்தில் முடிந்த அணைக்கும் 'அனிகட்' என்றே பெயர் வந்தது. தெலுங்கு மண்ணில் ஒரு தமிழ்ச் சொல்லை ஒரு ஆங்கிலப் பொறியாளர் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். காசு, அணைக்கட்டு இரண்டின் கடைசிக் குற்றியலுகரமும் வழியில் உதிர்ந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

என் மகளுக்கு அந்த ஒரு மதிப்பெண் வேண்டாம். அடுத்த ஆண்டுக் கேள்வி அட்டையில் மட்டும் இப்படி மாற்றிவிடுங்கள்: 'துளை போட்ட சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது?'

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தந்தை