சின்னச் சின்ன வேலைகள்

காத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் தைப்பூச வாரத்தில் வந்தது. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. மலைக்கோவிலில் காவடி பார்த்துவிட்டு வந்து, சாவகாசமாகப் படித்தேன். சமையலறை அலமாரி வேலையை எடுத்த இடத்தில் வீட்டுக்காரர் தினமும் ஏதாவது ஒன்றைச் சேர்க்கிறார், எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். எனக்கும் இப்போதுதான் அப்படி ஒன்று நடந்தது.

கடற்கரைப் பக்கம் 4 விருந்தினர் விடுதிகள் வைத்திருக்கும் ஒருவருக்கு முன்பதிவு மென்பொருள் செய்கிறேன். மொத்தமாக ஒரு தொகை பேசி, 8 வாரம், 320 மணி நேரம் என்று கணக்கிட்டிருந்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து வாட்ஸப்பில் கிரியோலில் வர ஆரம்பித்தது, 'எந் தி ஸாஃபேர்', ஒரு சின்ன விஷயம் என்று. அவர் அனுப்புவார், அவர் மகன் அனுப்புவான், கணக்குப் பார்க்கும் அம்மாவும் அனுப்புவார். அரை மணி நேர வேலைக்கு முகத்தை முறிப்பானேன் என்று எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன்.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "விலையை ஈரோவிலும் காட்டுங்கள்." இரண்டு மணி நேரம் என்று நினைத்தேன். அப்புறம்தான் கேள்விகள் வந்தன. எந்த நாளின் மாற்று விகிதம்? முன்பணம் ஈரோவில் கட்டியவர் ஒரு மாதம் கழித்து ரத்து செய்தால், அன்றைய விகிதத்திலா, கட்டிய நாளின் விகிதத்திலா திருப்புவது? ரசீதில் வாட் வரி ரூபாயில்தானே இருக்க வேண்டும்? போதாக்குறைக்கு மின்னஞ்சல்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் மாற வேண்டும். 13 மணி நேரம் ஆனது. திரையில் ஒரு எண்ணைச் சேர்ப்பது சின்ன வேலைதான், ஆனால் அந்த எண் போய்த் தொடுகிற இடங்கள் சின்னவை அல்ல. நான் தட்டச்சு செய்யும் நேரத்தை மட்டும் எண்ணியிருந்தேன், சோதிக்கும் நேரத்தை எண்ணவே இல்லை.

நாலாம் வாரக் கடைசியில் உட்கார்ந்து, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்து வைக்கும் கிட் பதிவுகளையும் என் நாட்குறிப்பையும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 14 கோரிக்கைகள், 51 மணி நேரம். 160 மணி நேரம் உழைத்திருந்தும் ஒப்புக்கொண்ட வேலையில் 109 மணி நேரம்தான் முடிந்திருந்தது. அதுவரை அவரும் எல்லாம் நேரத்துக்கு நடப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். அவர் நம்பியதற்கு நான்தான் காரணம், ஒரு தடவைகூட அதற்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லவில்லையே.

பட்டியலை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். போகுமுன் அதைப் பிரித்தேன். 14இல் மூன்று, நான் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாததால் வந்தவை. உறுதி மின்னஞ்சல் என்று எழுதினால் அது இரண்டு மொழியிலும் வரும் என்று அவர் நினைத்தது நியாயம்தான். அந்த 9 மணி நேரம் என் பொறுப்பு. மீதி 11உம் புதியவை, 42 மணி நேரம். நடந்து முடிந்ததற்குக் காசு கேட்பது சரியில்லை என்று பட்டது. ஆனால் ரசீதில் ஒவ்வொன்றையும் மணி நேரத்தோடு எழுதி, எதிரே 'கட்டணம் இல்லை' என்று போட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் அடுத்ததும் இலவசம் என்றுதான் ஆகியிருக்கும்.

51 மணி நேரப் பள்ளத்துக்கு இரண்டு வழி சொன்னேன். தேதியை ஒரு வாரம் தள்ளுவது, கூடவே அறை சுத்தம் செய்பவர்களின் பணி அட்டவணைத் திரையை, அது 12 மணி நேர வேலை, இரண்டாம் கட்டத்துக்கு வைப்பது. அல்லது கூடுதல் பணம் கொடுத்து இன்னொருவரைச் சேர்ப்பது. அவர் முதலாவதை எடுத்தார். கொஞ்சம் முகம் வாடியது, ஆனால் சண்டை இல்லை.

இப்போது கோரிக்கைகள் எல்லாம் அவர் ஒருவர் வழியாகத்தான் வருகின்றன. நான் உடனே சரி என்றும் சொல்வதில்லை, முடியாது என்றும் சொல்வதில்லை. வியாழக்கிழமை ஒரு வரியில் பதில் எழுதுகிறேன்: எத்தனை மணி நேரம், தேதி எவ்வளவு தள்ளும், தள்ளக் கூடாது என்றால் எதை எடுத்துவிடலாம். போன வாரம் குழந்தைகளுக்குப் பாதி விலை வேண்டும் என்றார். 9 மணி நேரம், இரண்டு நாள் தள்ளும் என்று எழுதினேன். "திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். வந்த ஆறில் நாலு இப்படித்தான் தானாகவே நின்றன. மற்ற இரண்டுக்கும் தனியாகப் பணம் கொடுத்தார், அவருக்கு அவை உண்மையிலேயே தேவைப்பட்டன.

ஒன்று, இது மொத்தத் தொகை பேசிய வேலைக்குத்தான் பொருந்தும். நாள் கூலிக் கணக்கு என்றால் தேதி மட்டும்தான் பிரச்சினை. உன்னுடையது எப்படிப் பேசினாய்? ஒப்பந்தத்தில் அலமாரி எத்தனை, என்ன அளவு என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'சமையலறை அலமாரி வேலை' என்றா? அதைப் பொறுத்துத்தான் உன் பட்டியலை எங்கே பிரிப்பது என்று சொல்ல முடியும். அந்தத் தாளை ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மாவின் கால்வலி பரவாயில்லையா? இங்கே புயல் காலம், இரண்டு நாளாக விடாத மழை. மற்றபடி எல்லோரும் சுகம்.

அன்புடன்,
முரளி