40 லட்சம் ஆண்டு முடிவில் வருவதில்லை: குமரி மாவட்ட வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் உள்ள வணிகர் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் சிறு கடைகளுக்கும் பலகாரக் கூடங்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஜிஎஸ்டி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மேடையிலிருந்து ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: "நாற்பது லட்சம் வரை பயமில்லை. மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்." ஆண்டு விற்பனை நாற்பது லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற முதல் பாதி சிலருக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் பாதி யாருக்கும் பொருந்தாது. இந்த வாசகத்தை நம்பிய ஒருவரின் கணக்கைத்தான் உங்கள் முன் விரிக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடாது என்பதால் தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் போடும் ஒரு அக்கா. வீட்டோடு சேர்ந்த கூடம், நான்கு பெண்கள் வேலைக்கு. சந்தையில் ஏத்தங்குலை வாங்கும்போது கூடுதலாக வாங்கி, மிச்சத்தைக் கடைகளுக்குக் குலையாகவே விற்றுவிடுவார். 2025 டிசம்பர் கடைசியில், வங்கியில் கடன் கேட்டபோது விற்பனைக் கணக்கு கேட்டார்கள் என்று நோட்டோடு வந்தார். "சிப்ஸ் நவம்பர் வரை 26 லட்சம்தான் தம்பி. வரம்புக்கு இன்னும் தூரம் இருக்கிறது" என்றார்.

சிப்ஸ் 26 லட்சம், சரி. குலை விற்றது 12 லட்சம். "குலைக்குத்தான் வரியே இல்லையே" என்று கேட்டார். வரி இல்லைதான். ஆனால் சட்டம் பார்ப்பது ஒரே பான் எண்ணின் கீழ் நடக்கும் மொத்த விற்றுமுதலை. வரியுள்ள பொருள், வரிவிலக்குப் பெற்ற பொருள், வெளிமாநிலத்துக்கு அனுப்பியது எல்லாம் அதில் சேரும். லாபமோ வங்கியில் விழுந்த பணமோ அளவுகோல் அல்ல. ஆக நவம்பர் 30 அன்றே அவர் 38 லட்சத்தில் நின்றார். கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்தது. நோட்டை நாள்நாளாகக் கூட்டிப் பார்த்தோம். டிசம்பர் 11 அன்று 40 லட்சம் தாண்டியிருந்தது.

அந்த நாள்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஜனவரி 10க்குள், பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் வரை காத்திருந்தால் கெடு எப்போதோ போயிருக்கும்.

அக்காவின் முகம் வெளுத்தது கெடுவைக் கேட்டு அல்ல. "அப்படியானால் 40 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டுமா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இந்தப் பயத்தால்தான் பலர் பாதி விற்பனைக்குப் பில்லே போடுவதில்லை. அப்படிக் கட்ட வேண்டியதில்லை. டிசம்பர் 10 வரை விற்றதற்கு ஒரு பைசா வரியும் இல்லை. 11ஆம் தேதியிலிருந்து விற்ற சிப்ஸுக்கு 5 சதவீதம். குலைக்கு அப்போதும் இல்லை.

ஜனவரி 6 அன்று விண்ணப்பித்தோம். 12 அன்று சான்றிதழ் வந்தது. கெடுவுக்குள் விண்ணப்பித்ததால் பதிவு செல்லுபடியாகும் நாள் ஜனவரி 12 அல்ல, டிசம்பர் 11. இடைப்பட்ட ஒரு மாத விற்பனைக்கு வரி உண்டு, ஆனால் அப்போது அவரிடம் ஜிஎஸ்டி எண் இல்லை. எண் இல்லாதவர் பில்லில் வரி வசூலிக்கக்கூடாது. இந்த இடைக்காலத்துச் சிப்ஸ் விற்பனை 5,25,000 ரூபாய்.

அதில் 2,10,000 ரூபாய்க்கு வாங்கியவர்கள் பதிவுள்ள கடைக்காரர்கள். சான்றிதழ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், பழைய பில்களுக்குப் பதிலாகத் திருத்திய பில் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்தோம். வரி 10,500 ரூபாய். கடைக்காரர்கள் அதைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் முகம் சுளிக்காமல் தந்தார்கள். மீதி 3,15,000 கடைவாசலில் வந்து வாங்கியவர்களுக்கு விற்றது. அவர்களைத் தேடிப்போய் வரி கேட்க முடியுமா? வாங்கிய தொகைக்குள்ளேயே வரி அடங்கியதாக எடுத்துக்கொண்டோம். 105 ரூபாயில் 5 ரூபாய் வரி என்ற கணக்கில் 15,000 ரூபாய். இது அக்காவின் கைக்காசு.

கைக்காசு என்றுதான் அவரும் நினைத்தார். இனிமேல் சொல்லப்போவதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

கெடுவுக்குள் விண்ணப்பித்தவருக்கு, வரிப்பொறுப்பு வந்த நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் இருந்த மூலப்பொருளுக்கும், செய்து வைத்திருந்த சரக்கில் அடங்கிய மூலப்பொருளுக்கும், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ள உரிமை உண்டு. பில் ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்த நாள் டிசம்பர் 10. அன்று எத்தனை டின் எண்ணெய் இருந்தது என்று ஜனவரியில் எப்படிச் சொல்வது?

கூடத்துக்குப் போனோம். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரிப்புகைக்கு நடுவே சுண்ணாம்புக் கோடுகள். புது டின் உடைக்கும்போதெல்லாம் தேதி எழுதி ஒரு கோடு போடுவது அந்தப் பெண்களின் பழக்கம், யார் அதிகம் எண்ணெய் செலவழித்தது என்ற சண்டைக்காக. அதுவே எங்களுக்கு இருப்புப் பதிவேடு ஆயிற்று. வாங்கிய பில்களிலிருந்து கோடுகளைக் கழித்தால் டிசம்பர் 10 இரவு 36 டின் தேங்காய் எண்ணெய். அவற்றில் ஆறு, தெரிந்த ஆலையிலிருந்து பில் இல்லாமல் வந்தவை. அவற்றுக்கு ஒன்றும் கிடையாது. மீதி 30 டின், வரி நீங்கலாக டின் 6,000 ரூபாய், ஆக 1,80,000. அதற்கு 5 சதவீதம் 9,000 ரூபாய். பிளாஸ்டிக் பை 40,000 ரூபாய்க்கு இருந்தது. 18 சதவீதம் என்றால் 7,200. இரண்டும் சேர்ந்து 16,200. செய்து வைத்திருந்த சிப்ஸில் இருந்த எண்ணெய் சொற்பம் என்று விட்டுவிட்டோம். அந்த ஆண்டு வாங்கிய சீவல் இயந்திரத்துக்கு இந்த வழியில் வரவு இல்லை. இயந்திரம் மூலப்பொருள் அல்ல. இருப்புச் சரக்கின் வரவைக் கேட்பதற்கென்று ஜிஎஸ்டி தளத்தில் ITC-01 என்ற படிவம் இருக்கிறது, அதற்கும் 30 நாள் கெடு உண்டு.

கைக்காசு 15,000. வரவு 16,200. ஆக, வரம்பைத் தாண்டிய மாதம் அக்காவுக்குச் செலவே வைக்கவில்லை.

இதையே பிப்ரவரி கடைசியில் கண்டுபிடித்திருந்தால்? பதிவு, அது வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் வரிப்பொறுப்பு டிசம்பர் 11 முதலே இருக்கும். இருப்புச் சரக்கின் 16,200 போய்விடும். கடைக்காரர்களுக்குத் திருத்திய பில் கொடுக்க முடியாது, ஆகவே அந்த 10,500உம் அக்கா தலையில். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். பதிவு செய்யாமல் இருந்ததற்கான அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரி, எது அதிகமோ அது. உங்கள் "மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதன் விலை இது.

இணக்க முறை, அதாவது எல்லோரும் காம்போசிஷன் என்று சொல்வது, அவருக்கு ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள உற்பத்தியாளருக்கு 1 சதவீதம்தான். ஆனால் உற்பத்தியாளருக்கு அந்த 1 சதவீதம் மாநிலத்துக்குள்ளான முழு விற்றுமுதலின் மீது. வரியில்லாத குலையும் அதில் சேரும். மாதம் சிப்ஸ் 3,25,000, குலை 1,50,000 என்றால் 4,750 ரூபாய். பில்லில் வரி என்று தனியாக எழுதக்கூடாது, இருப்புச் சரக்கின் வரவும் இல்லை, கடைக்காரர்களுக்கும் கழிக்க ஒன்றும் கிடைக்காது. அவருக்குச் சாதாரண முறையே சரிப்பட்டது. கடைவாசல் வியாபாரம் மட்டுமே உள்ளவருக்கு நானே இணக்க முறையைத்தான் சொல்வேன்.

முதல் பாதி சிலருக்கு மட்டும்தான் பொருந்தும் என்றேனே, அதற்கு வருகிறேன். 40 லட்சம் என்பது பொருள் மட்டுமே விற்பவருக்கு, 2019 ஏப்ரல் முதல். சேவை கலந்தால் 20 லட்சம். ஓணத்துக்கு அக்கம்பக்கத்தார் காய் கொண்டுவந்து கொடுக்க, கூலிக்கு வறுத்துக் கொடுக்கிறோமே, அது சேவை. மாடியைக் கடைக்கு வாடகைக்கு விடுவதும் சேவை. தொகை சிறியது என்று விடமுடியாது, வரம்பே பாதியாகிவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கே உரியது இன்னொன்று. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம். பாறசாலைக் கடைக்கு ஒரு பெட்டி சிப்ஸ் அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையேயான வரியுள்ள விற்பனை. அதற்கு 40 லட்சமும் இல்லை, 20 லட்சமும் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். இணக்க முறையும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்டோவில் போகும் ஏத்தங்குலைக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அது வரியுள்ள பொருள் அல்ல என்பதால். கேரளத்திலிருந்து வாங்குவதிலும் சிக்கல் இல்லை. விற்பதில்தான்.

கேரளத்துக்காரர் நம் கடைக்கே வந்து வாங்கிப் போனால்? பதிவில்லாத வாடிக்கையாளர் என்றால், 2023 அக்டோபரிலிருந்து பில்லில் எழுதிய முகவரியே விற்பனை நடந்த இடம். முகவரி எழுதாவிட்டால் நம் கடையே இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். பழக்கத்தில் பில் புத்தகத்தில் "கேரளா" என்று கிறுக்கி வைக்கும் அண்ணாச்சிகள் எனக்கு நாலைந்து பேரைத் தெரியும். அந்த ஒரு சொல் அவர்களைப் பதிவுக் கட்டாயத்துக்குள் தள்ளிவிடும்.

உங்களிடம் கேட்பது இரண்டே காரியம். அடுத்த கூட்டத்தில் மேடையிலிருந்தே அந்த வாசகத்தைத் திருத்துங்கள். உறுப்பினர்களுக்கு நாட்காட்டி அச்சடிக்கும்போது ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் "ஏப்ரல் முதல் இதுவரை மொத்த விற்பனை" என்று ஒரு கட்டம் போடுங்கள், வரியில்லாத சரக்கையும் சேர்த்து எழுதும்படி. அந்தக் கட்டத்தில் 35 லட்சம் விழுந்த அன்று, சேவை கலந்தவருக்கு 17 லட்சம் விழுந்த அன்று, கையிருப்பை எண்ணி எழுதத் தொடங்கிவிடலாம். எல்லாக் கூடத்துச் சுவரிலும் சுண்ணாம்புக் கோடு இருக்காது.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்தில் கணக்கு எழுதும் ஒருவன்