மில்லில் நின்ற நாய்

அன்புள்ள மகள்,

நேற்று போனில் பேசும்போது பேரன் பள்ளிக்கூடத்தில் போய், "எங்கட அம்மப்பாட நாய்க்கு வெள்ளம் வாறது முதலே தெரியும்" என்று கதை சொல்லிவிட்டு வந்தானாம் என்றாய். அம்மாவும் பக்கத்தில் இருந்து சிரித்தா. லைன் சரியில்லை, முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன். பிள்ளை சொல்வது முழுப் பொய்யும் இல்லை, ஆனால் நடந்தது வேறு.

2011 தை மாதம். நீயும் அம்மாவும் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மாமி வீட்டில் இருந்தீர்கள். நான் வெல்லாவெளிப் பக்கம் அந்த அரிசி மில்லில் இரவு வாச்சர். சிறுபோக நெல்லு கொஞ்சம் ஸ்டோரில் கிடந்தது. பின்னால் மூன்று அறைகளில் வேலையாட்கள், ஒரு கிழவியும் மூன்று பிள்ளைகளும் சேர்த்துப் பதினொரு பேர்.

நாய் என்னுடையது இல்லை. கட்டாக்காலி. எங்கிருந்தோ வந்து, உமி கொட்டுகிற கொட்டிலில் பள்ளம் தோண்டி நாலு குட்டி போட்டது. உமிக்குள் சூடு இருக்கும், கூரையும் இருக்கும், அதற்கு வேறு என்ன வேண்டும்? நான் அதை விரட்டத்தான் பார்த்தேன். யானை வந்தாலும் குரைக்கும், நிலவு வந்தாலும் குரைக்கும். அந்தக் கிழமை முழுக்க மழை, மூன்று இரவும் ஊளையிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நாலாவது இரவு ஊளையிட்டபோது நான் காது கொடுக்கவே இல்லை. இதையும் பேரனுக்குச் சொல்லு.

அன்று இரவு பதினொரு மணிக்கு மழை விட்டுவிட்டது. தவளைச் சத்தம்தான் காதை அடைத்தது. ஒரு மணி தாண்டி, நான் வாசல் திண்ணையில் கதிரையைப் போட்டுச் சற்றுக் கண்ணயர்ந்திருந்தேன். காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. பார்த்தால், நாய் ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வந்து என் கதிரைக்குக் கீழே வைத்திருக்கிறது. "சீ" என்று குடையால் தட்டினேன். போனது. திரும்ப வந்தது, வாயில் இரண்டாவது குட்டி. மறுபடியும் தட்டினேன், இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே. அது உறுமவில்லை, கத்தவும் இல்லை. குட்டியை வைத்துவிட்டு மூன்றாவதுக்கு ஓடியது.

சரி, எடுத்துக் கொண்டுபோய் உமிக்குள்ளேயே விட்டுவிடுவோம் என்று ஒரு குட்டியைத் தூக்கினேன். வயிற்றில் உமி ஒட்டிப் பிடித்திருந்தது. தட்டினால் உதிரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன், நனைந்த உமி. முதுகு காய்ந்து இருக்கிறது, வயிறு நனைந்து இருக்கிறது. மழை விட்டு இரண்டு மணித்தியாலம், அதுவும் கூரைக்குக் கீழே கிடந்த குட்டி. மேலிருந்து நனையவில்லை என்றால் கீழிருந்துதான்.

கொட்டிலுக்குப் போய் உமிக் குவியலுக்குள் கையை விட்டேன். மேலே பொச பொச என்று காய்ந்து, இளஞ்சூடு. முழங்கை வரை போனதும் சில்லிட்டது. அடியில் சேறுபோலக் கரைந்து கிடந்தது. நிலம் தண்ணீர் குடித்து முடித்து, இனிக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தவன், எனக்கு எப்படித் தெரியும்? அது குட்டிகளோடு வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்திருந்தது. அதற்குத்தான் முதலில் குளிர்ந்தது.

பிறகு மில்லுக்குப் பின்னால் வடிச்சலுக்குப் போனேன். அந்த வடிச்சல் வயல் தண்ணீரைக் கிழக்கே ஆற்றுக்குக் கொண்டுபோகும், உனக்குத் தெரியும்தானே, நீ சின்னவளாக இருக்கையில் கடதாசித் தோணி விட்ட இடம். டோர்ச் வெளிச்சத்தில் ஆற்றுவாழைப் பற்றை ஒன்று மிதந்து வந்தது. கிழக்கிலிருந்து மேற்கே! ஆற்றில் கிடக்கிற ஆற்றுவாழை வயலுக்கு ஏறி வருகிறது. வாவி நிறைந்து, வடிச்சல் எதிர்த்து ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கே நவகிரிக் குளத்துப் பக்கத்துத் தண்ணீர் இறங்குகிறது, கிழக்கே முகத்துவாரம் அவ்வளவையும் ஒரே மூச்சில் கடலுக்குள் விடாது. இடையில் நாங்கள். இங்கே மழை விட்டது என்பதற்கு அர்த்தமே இல்லை.

அப்போதும் ஆட்களை எழுப்பத் துணிவு வரவில்லை. மூன்று இரவு ஊளையை நம்பியிருந்தால் மூன்று இரவும் எழுப்பியிருப்பேன், நாலாவது இரவு ஒருவரும் எழும்பியிருக்க மாட்டார்கள். அதனால் தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் நின்ற இடத்தில் கத்தியால் கீறிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தேன். கால் மணித்தியாலத்தில் நாலு விரல் ஏறியது. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு ஒரு அடி. அறைகளின் தரை அந்த விளிம்பைவிட ஒன்றரை அடிதான் உயரம்.

முதலில் மெயின் சுவிட்சை இறக்கினேன். மோட்டர் எல்லாம் தரையில்தான். பிறகு முதலாளிக்கு அழைத்தேன். "விடியட்டும் பாப்பம், நீ படு" என்றார். நான் படுக்கவில்லை, கதவைத் தட்டினேன். கிழவியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு எல்லோரும் மூட்டை ஏற்றுகிற திண்ணைக்குப் போனோம். இடுப்பளவு உயரம் அது. அடுப்பு, அரிசிப் பானை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகள், ஒரு கூட்டில் நாலு கோழி.

என் கணக்கு பிழைத்தது. மூன்றேகாலுக்கு வரும் என்று நினைத்த தண்ணீர் நாலு மணி தாண்டித்தான் அறைக்குள் ஏறியது. வயலுக்குள் விரிய விரிய ஏற்றம் மெதுவாகிவிடும், அதை நான் யோசிக்கவில்லை. நடுவில் ஒருவன், "அண்ணன், வீணாக எழுப்பிப் போட்டீங்க" என்று முணுமுணுத்தான். பிறகு அவனே பாய் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

விடியும்போது முழங்கால் தாண்டிய தண்ணீர். ஸ்டோரில் கீழ் இரண்டு அடுக்கு மூட்டையும் போய்விட்டன. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அந்த மூட்டைகளின் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளை வெளியே வந்து நின்றது. வயலில் கதிர் விட்ட பெரும்போகம் அப்படியே அழுகியது, அந்தக் கதை வேண்டாம். மத்தியானம் தோணி வந்து எங்களை எடுத்தது.

சுனாமியின்போது மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் எனக்குச் சொல்லத் தெரியாது. இது அப்படி இல்லை. வெள்ளம் வரும் என்று அந்த நாய்க்குத் தெரியாது. தன் குட்டி நனைகிறது என்று தெரியும், உயரமான இடம் எது என்று தெரியும். என் கதிரைக்குக் கீழே உயரம் என்று நினைத்திருக்கிறது. என்னை எழுப்ப வந்தது என்று அம்மா சொல்வா. நான் அப்படி நினைக்கவில்லை, குடையால் அடித்தவனிடம் ஏன் வரப்போகிறது?

நாலாவது குட்டிக்குத் திரும்பிப் போனபோது நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அதற்குள் உமிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. குட்டி ஒரு மூலையில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான்தான் எடுத்தேன். அது என் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தது. நீ வளர்த்த சூரன் அந்தக் குட்டிதான்.

தாயை நாங்கள் தோணியில் ஏற்றவில்லை, இடம் இல்லை. பத்து நாள் கழித்துப் போனபோது திண்ணையில் படுத்திருந்தது. நான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்ததும் எழுந்து வந்தது.

அதற்கு என்ன பேர் என்று பேரன் கேட்டானாம். நான் பேர் வைக்கவே இல்லை, மகள். "சீ" என்றுதான் எப்போதும் சொல்வேன். அதற்கும் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

மருமகனைக் கேட்டதாகச் சொல்லு.

அப்பா