உங்கள் பெயரில் வரும் போலி வேலை அழைப்புகள்: ஆளெடுப்புத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். அதனாலேயே, வேலை தேடும் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்கு வந்த மெசேஜை என்னிடம் நீட்டி, "இது நிஜமா, டூப்பா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் போலியைப் போலி என்று சொல்லிவிட முடிகிறது. நான் தடுமாறுவது நிஜமான அழைப்பு வரும்போதுதான். உங்களில் பலர் அனுப்பும் அழைப்பும் மோசடிக்காரர் அனுப்புவதும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கின்றன. தனிப்பட்ட ஜிமெயிலிலிருந்து வருகிறது. மேற்கொண்டு பேச வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்கிறது. முதல் பேச்சு முடிவதற்குள் அடையாள அட்டையின் நகலைக் கேட்கிறது. இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணம் அதுதான்.

அண்மையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்குத் துறையில் நல்ல அனுபவம் உள்ள ஒரு பெண், லிங்க்ட்இன்னில் தன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டு, வேலை தேடுவதாக அறிவித்திருந்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் ரெக்ரூட்டர் பெயரில் மெசேஜ் வந்தது. அந்தப் பெயரில், அந்த முகத்துடன் நிஜமாகவே அங்கே ஒருவர் வேலை செய்கிறார். மெசேஜில் இவர் முன்பு பார்த்த வேலை, பழகிய மென்பொருள், மேலாளராக இருந்தவர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. இவ்வளவு தெரிந்தவர் போலியாக இருப்பாரா என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அத்தனையும் அவருடைய ப்ரொஃபைலிலேயே இருந்தவை. மேலாளரின் பெயர், ப்ரொஃபைலில் அவர் எழுதிக்கொடுத்திருந்த பரிந்துரையிலிருந்து வந்தது.

நான் முதலில் பார்த்தது மெயில் முகவரியை. போனில் மெயில் ஆப் வெறும் பெயரை மட்டும் காட்டும். அதைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும். பெயரை மாற்றிக் காட்டுகிறேன்:

```
நிஜம்: hr@careers.niruvanam.example
போலி: hr@niruvanam-careers.example
```

இரண்டிலும் அதே சொற்கள்தான். ஆனால் டொமைனை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலாவதில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் `careers`, நிறுவனத்தின் சொந்த டொமைனுக்குள் இருக்கும் ஒரு பிரிவு. அதை நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் உருவாக்க முடியாது. இரண்டாவதில் நடுக்கோடு போட்டிருப்பதால் அது முற்றிலும் வேறொரு டொமைன். யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த டொமைனை lookup.icann.org தளத்தில் போட்டுப் பார்த்தேன். பதிவு செய்தவரின் விவரம் மறைக்கப்பட்டிருந்தது. அது சாதாரணம்தான், நல்ல டொமைன்களிலும் மறைத்திருப்பார்கள். பதிவான தேதியை மட்டும் மறைக்க முடியவில்லை: மூன்று வாரம்கூட ஆகவில்லை. பல ஆண்டுகளாக இயங்கும் நிறுவனம் ஆளெடுப்பதற்கென்று போன மாதம் டொமைன் வாங்குமா?

வாங்கும் என்பதுதான் வேதனை. ஆளெடுப்பு மென்பொருள் மாற்றும்போது, விளம்பர இயக்கம் நடத்தும்போது உங்களில் சிலர் அப்படிப் புது டொமைன் வாங்கி அதிலிருந்து மெயில் அனுப்புகிறீர்கள். வாங்குகிற ஒவ்வொன்றும் போலிக்கு ஒரு மறைவிடம்.

இன்டர்வியூ டெலிகிராமில் நடந்தது. குரலும் இல்லை, முகமும் இல்லை, எழுத்தில் மட்டும் கேள்வி பதில். அன்று மாலையே ஆஃபர் லெட்டர், லோகோவும் கையெழுத்துமாக. அதோடு ஒரு படிவம்: பிறந்த தேதி, வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டையின் இரு பக்கம், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி. அந்தப் படிவத்தோடுதான் அவர் என்னிடம் வந்தார். கடைசியில் கேட்ட செல்ஃபிதான் எல்லாவற்றிலும் மோசமானது. வெறும் நகலை வைத்துச் செய்ய முடியாததை அதை வைத்துச் செய்யலாம். ஆன்லைனில் கணக்குத் திறக்கவும் கடன் வாங்கவும் பல இடங்களில் கேட்கப்படுவது அதே மாதிரிப் படம்தான்.

"நிரப்பாதீர்கள். அடுத்து லேப்டாப் பேச்சு வரும் பாருங்கள்" என்றேன். மறுநாளே வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யக் கருவிகள் வாங்க உங்கள் கணக்கில் ஒரு தொகை போடுகிறோம், அதை நாங்கள் சொல்லும் விற்பனையாளருக்கு அனுப்பிவிடுங்கள் என்று. காசோலையாக வந்தால் கணக்கில் பணம் ஏறியதுபோல் தெரியும். சில நாள் கழித்து அது திரும்பும்போது வங்கி அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். இவர் விற்பனையாளருக்கு அனுப்பியது மட்டும் திரும்பி வராது. காசோலை இல்லாமல் நேரடியாக வந்தால் இன்னும் ஆபத்து. அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால், விசாரணையில் முதலில் முடங்குவது இவருடைய கணக்கு.

சரி, உங்கள் பக்கம் என்ன நடந்தது? நிறுவனத்தின் இணையதளத்தில் போய்ப் பார்த்தோம். அந்த வேலை அங்கே நிஜமாகவே அறிவிக்கப்பட்டிருந்தது, பணி எண்ணோடு. மோசடிக்காரர் அதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். "வேலை உண்மையா என்று தளத்தில் பாருங்கள்" என்று நீங்கள் சொல்லும் அறிவுரை இங்கே போலிக்குச் சாட்சி சொன்னது. பொது எண்ணுக்கு அழைத்தால், "கேரியர்ஸ் பக்கத்தைப் பாருங்கள்" என்றார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு எச்சரிக்கை: நாங்கள் யாரிடமும் பணம் கேட்பதில்லை. இவரிடமும் யாரும் பணம் கேட்கவில்லையே! விவரத்தைத்தான் கேட்டார்கள், பணம் தருவதாகக்கூடச் சொன்னார்கள். அந்த எச்சரிக்கை, பதிவுக் கட்டணம் கேட்ட பழைய மோசடிக்கு எழுதியது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் எளிது. எந்த டொமைனிலிருந்து மட்டும் எழுதுவீர்கள், உங்களுக்காக ஆளெடுக்கும் வெளி ஏஜென்சிகள் எவை, அவர்கள் எந்த டொமைனிலிருந்து எழுதுவார்கள் என்பதைக் கேரியர்ஸ் பக்கத்திலேயே எழுதுங்கள். "இந்த மெசேஜ் உங்களுடையதா?" என்று கேட்க ஒரு மெயில் முகவரி கொடுங்கள். அதற்கு ஒரு மனிதர் ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்லட்டும். போலி ஆஃபர்களில் கெடு பெரும்பாலும் மிகக் குறுகியதாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்து வரும் பதிலால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம், உங்கள் மெயில் நிர்வாகியிடம் DMARC பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் டொமைனையே அனுப்புநர் இடத்தில் போட்டு வேறொருவர் அனுப்பும் மெயிலை, பெறும் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடு அது. அவர் இப்படிப் பார்ப்பார்:

```
dig +short TXT _dmarc.niruvanam.example
```

பதிலில் `p=none` என்று இருந்தால், கண்காணிக்கிறீர்கள், தடுக்கச் சொல்லவில்லை என்று பொருள். `p=reject` என்றால் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள். ஒரே தாவலில் அங்கே போக வேண்டாம். உங்கள் பெயரில் முறையாக மெயில் அனுப்பும் மென்பொருள்களைச் சரிசெய்யாமல் மாற்றினால் உங்கள் மெயிலே திரும்பிவிடும். இன்னொன்று, மேலே காட்டிய நடுக்கோட்டு டொமைனை இது தடுக்காது. அது உங்களுடையதே இல்லை, அதன் சொந்தக்காரர் அதற்குத் தனியாக DMARC வைத்து எல்லாச் சோதனையிலும் தேறிவிடலாம்.

அடுத்தது, நீங்கள் கேட்கும் விவரங்கள். இன்டர்வியூவுக்கு அழைக்கப் பெயர், தொடர்பு வழி, அனுபவம் போதும். பிறந்த தேதியும் அடையாள அட்டையும் ஆஃபர் கொடுத்த பிறகு, சட்டம் கேட்கும் அளவுக்கு. வங்கிக் கணக்கு எண் சேரும் நேரத்தில், உங்கள் சொந்தத் தளத்தில், மெயிலில் அல்ல. முதல் நாளே எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லிப் பழக்கியது நீங்கள்தான். பழகியவர்கள் போலிக்கும் கேள்வி கேட்காமல் அனுப்புகிறார்கள். நகல் அனுப்பியே தீரவேண்டும் என்றால், எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று படத்தின் குறுக்கே எழுதி அனுப்பச் சொல்கிறேன். அப்படி எழுதிய நகலை உங்கள் ஆட்கள் "தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால் பெரிய உதவி.

ப்ரொஃபைல் விஷயத்தில் வேலை தேடுவோருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து அவருடையதைச் சரிசெய்தபோது, அனுபவத்தில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. ரெஸ்யூமேயிலிருந்து பிறந்த தேதி, தெருவோடு கூடிய முகவரி, கையெழுத்துப் படம் போயின. ஊர் பெயர் மட்டும் நின்றது. லிங்க்ட்இன் அமைப்புகளில் Visibility பகுதியில், மெயில் முகவரியை யார் பார்க்கலாம், தொடர்பில் இருப்பவர்களின் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இரண்டையும் அவருக்கு மட்டும் என்று மாற்றினோம். பட்டியல் திறந்திருந்தால் மோசடிக்காரர் அதிலிருந்து இருவரைத் தொடர்பில் சேர்த்துக்கொண்டு, "பொதுவான நண்பர்கள்" என்று வந்து நிற்பார். பச்சை வளையத்தை எடுத்துவிட்டு, வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும்படி வைத்தோம். வேலை தேடலுக்கென்று தனி மெயில் முகவரி ஒன்றும் தொடங்கினார். வங்கி மெயில் போகும் முகவரி இனி எந்த ரெஸ்யூமேயிலும் இருக்காது.

எழுதுகிற ரெக்ரூட்டரின் ப்ரொஃபைலில் "About this profile" என்பதைத் திறக்கவும் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு எந்த மாதம் தொடங்கியது, பணியிடம் சரிபார்க்கப்பட்டதா என்பது அங்கே தெரியும். பத்தாண்டு அனுபவம் என்று எழுதியவரின் கணக்கு போன மாதம் தொடங்கியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் உங்கள் ரெக்ரூட்டர்கள் பலர் பணியிடச் சரிபார்ப்பைச் செய்வதே இல்லை. நிஜமானவர்களிடமும் அந்த அடையாளம் இல்லாதபோது, போலியிடம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. உங்கள் குழுவில் எல்லோரையும் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. உங்கள் கேரியர்ஸ் பக்கத்தைக் கணினியில் வேண்டாம், போனில் திறங்கள். உங்கள் பெயரில் வந்த ஒரு மெசேஜ் உங்களுடையதுதானா என்று கேட்க வழி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைத்தால், அந்த முகவரிக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, எப்போது பதில் வருகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெயில் நிர்வாகி