வேர்த்த கையைக் களவாகப் பார்க்காதீர்கள்: பரீட்சை மண்டப மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர்களுக்கும் நோக்குநர்களுக்கும்,

நான் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எப்படி நடக்கும், கணிதத்தில் சித்தி இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கு உயர்தர வகுப்புக் கதவு எப்படி மூடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் ஆசிரியர்கள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த பரீட்சையில், கணிதம் இரண்டாம் வினாத்தாள் அன்று, என் மாணவி ஒருத்தியை அவள் இருந்த மண்டபத்தில் எழுப்பி நிற்க வைத்து, இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காரணம், அவள் உள்ளங்கையை அடிக்கடி சட்டையில் துடைத்தாள். "இந்தக் குளிரில் என்ன வேர்வை? கையில் எழுதி வைத்ததை அழிக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. சரி, உட்கார் என்று விட்டுவிட்டார்கள். எந்த மண்டபம், யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, ஒருவரைத் தண்டிக்க வைப்பது என் நோக்கமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையால் எழுத முடியவில்லை, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் அந்த வேர்வையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது. வெயிலில் நின்றால் நெற்றியும் முதுகும் வேர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்க. உள்ளங்கையும் உள்ளங்காலும் முக்கியமாகப் பயத்துக்கும் பதற்றத்துக்கும்தான் வேர்க்கும். பயம் வந்ததும் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு, அங்கே நெருக்கமாக இருக்கிற வேர்வைச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கிவிடும், அதற்கு வெயில் தேவையில்லை. அதே நேரம் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கை சில்லிட்டும் போகும். ஆகவே மூடுபனி விலகாத காலையில், கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், தொட்டால் ஐஸ் போலிருக்கிற கையில் வேர்வை வழிவதில் விநோதம் எதுவும் இல்லை. பயந்த பிள்ளையின் கை அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கை தாளை நனைக்கும், பேனை வழுக்கும், கவராயத்தால் வட்டம் வரையும்போது பிடி நழுவும். எழுதிய வரிமேல் கை உரசினால் மை இழுபடும். அதனால்தான் துடைக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கையில் நீலக் கறை இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாளில் உரசி வந்த மை பெரும்பாலும் சுண்டு விரல் பக்கத்து ஓரத்தில் இருக்கும்.

இப்போது அவள் மறந்துபோனது எதை என்று சொல்கிறேன். புள்ளிவிபரக் கணக்கு, மீடிறன் பரம்பலில் இருந்து இடை காண வேண்டும். எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கை நன்றாகச் செய்கிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. வகுப்பாயிடைகளுக்கு நடுப்பெறுமானம் எழுதி, எடுகொண்ட இடையில் இருந்து விலகல் கண்டு, மீடிறனால் பெருக்கி, கூட்டுத்தொகை வரைக்கும் போயிருக்கிறாள். அந்த இடத்தில்தான் எழுப்பினார்கள். திரும்ப உட்கார்ந்தபோது அட்டவணை முன்னால் இருந்தது, எண்கள் எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன, அடுத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. எதை எதால் வகுப்பது? வந்ததைக் கூட்டுவதா கழிப்பதா? "சேர், வெள்ளைத்தாள் மாதிரி ஆயிட்டு" என்றாள்.

அன்று பின்னேரம் அதே மாதிரி ஒரு கணக்கை நான் அவளுக்குக் கொடுத்தேன். ஒருவர் 30 நாட்களில் எடுத்த கொழுந்தின் நிறை, எடுகொண்ட இடை 18 கிலோ. அட்டவணையை நிரப்பி, மீடிறனும் விலகலும் பெருக்கிய கூட்டுத்தொகை 45 என்று கண்டாள், 45ஐ 30ஆல் வகுத்து 1.5 என்றாள், 18உடன் கூட்டி 19.5 கிலோ என்று எழுதிக் கோடு போட்டாள். எங்கும் தயங்கவில்லை. முடித்துவிட்டு அழுதாள், ஏனென்றால் தனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

படிக்காத பிள்ளைக்கும் இப்படித் திகைத்துப்போன பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். படித்தது மூளையில் இருக்கிறது, அந்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. கணக்குச் செய்யும்போது இரண்டு மூன்று எண்களையும் அடுத்த படியையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும், அந்த இடம் எல்லோருக்கும் சிறியது. "என்னைக் களவு என்று நினைத்துவிட்டார்கள், எல்லோரும் பார்க்கிறார்கள், வீட்டில் என்ன சொல்வேன்" என்ற எண்ணங்கள் அதில் ஏறி உட்கார்ந்தால் எண்களுக்கு இடம் போதாது. மனப்பாடமாக ஒப்பிக்கிற விடையைவிடப் படிப்படியாகப் போகிற கணக்கு முதலில் அடிபடுவது இதனால்தான்.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். பயந்த உடனே அதிரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், அது சீக்கிரம் தணியலாம். ஆனால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் மெதுவாக ஏறுவது, பயம் தொடங்கி ஏறக்குறைய 20, 30 நிமிடங்களில்தான் அது உச்சத்துக்கு வரும். படித்ததை ஞாபகத்தில் இருந்து எடுப்பதை அது தடுக்கும் என்பது ஆய்வுகளில் கண்ட விஷயம். அதாவது நீங்கள் அதட்டுவது ஒரு நிமிடம்தான், நீங்கள் அடுத்த வரிசைக்குப் போய் அதை மறந்தே விடுவீர்கள், பிள்ளைக்கு அது அரை மணி நேரத்துக்கு மேல் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணித்தியாலத்தில் பத்துக் கேள்வி எழுத வேண்டிய தாளில் அரை மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கேள்வி.

ஆகவே நான் கேட்பது சிறிய விஷயம். வேர்த்த கையைக் களவின் அடையாளமாக எடுக்காதீர்கள். கை துடைக்க வெறுமையான ஒரு கைக்குட்டையை மேசையில் வைத்திருக்க விடுங்கள், உள்ளே வரும்போதே அதை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திகைத்துப்போன பிள்ளையை ஓரிரு நிமிடம் விட்டுவையுங்கள்.

யார் திகைத்திருக்கிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாத பிள்ளை பெரும்பாலும் தாளைத் திருப்பும், வேறு கேள்வி தேடும், ஜன்னலைப் பார்க்கும். திகைத்த பிள்ளை ஒரே பக்கத்தில் நிற்கும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், பேனை தாளுக்கு மேலே நிற்கும், மூச்சு மேல்நெஞ்சில் சின்னச் சின்னதாக ஓடும், கையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பின்னால் வந்து தோளுக்கு மேலே நின்று பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். சந்தேகம் இருந்தால் முன்பக்கமாக வாருங்கள், மெதுவான குரலில் கேளுங்கள், பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். களவு பிடிப்பது உங்கள் கடமை, நான் மறுக்கவில்லை, அதைப் பத்து வரிசைக்குக் கேட்கும்படி செய்யத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு நாங்கள் எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். நின்றுபோனால் அந்தக் கேள்வியை விடு, இடம் விட்டு அடுத்ததுக்குப் போ, இரண்டு பாதங்களையும் தரையில் பதி, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடு, ஐந்தாறு தரம் அப்படிச் செய், கையைத் துடை, உனக்கு ஆக இலகுவான கணக்கில் திரும்பத் தொடங்கு. ஒரு கணக்கு சரியாக ஓடத் தொடங்கினால் விட்டதும் பெரும்பாலும் திரும்ப வரும். எல்லோருக்கும் இது உதவும் என்று நான் சொல்லமாட்டேன், பரீட்சை இல்லாத நாளிலும் மூச்சு முட்டிப் படபடக்கிற பிள்ளைக்கு வைத்தியரின் உதவி வேண்டும், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் மண்டபத்தில் ஒருவர் தலைக்கு மேலே நின்று முறைத்தால் இதில் ஒன்றையுமே செய்ய முடியாது, கையைத் துடைத்தாலே குற்றம் என்றால் நாங்கள் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

இரண்டாம் வினாத்தாளுக்கு முன்னால் தருகிற 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்த கேள்விகளைத் தேடி எடுத்து மனதைச் சமப்படுத்துவதற்கு அந்த நேரம் எவ்வளவு உதவும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அந்த நேரம் முழுக்க எச்சரிக்கைகளில் போயிருக்கிறது. பிடிபட்டால் என்ன நடக்கும், எத்தனை வருடம் எழுத முடியாது, பெறுபேறு எப்படி நிறுத்தப்படும். எச்சரிக்கை வேண்டும், அதை வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே சொல்லி முடித்துவிடலாமே. கேள்வியை வாசிக்கிற பிள்ளையின் காதில் தண்டனையைச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை எதை வாசிக்கும்?

கோபம் வருகிறது, மன்னியுங்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் பாடசாலையில் இருந்து பரீட்சை எழுதுவதில்லை. லயத்தில் இருந்து இருட்டில் இறங்கி, வருமா என்று தெரியாத பஸ்ஸுக்கு நின்று, டவுனில் முன்பின் தெரியாத ஒரு பாடசாலைக்குப் போகிறார்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பையில் இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பல பாடசாலைகளில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் வருடங்கள் போகின்றன. பெறுபேறு வந்ததும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிடுகிறார்கள். வந்த கணக்கும் அந்த மண்டபத்தில் எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையையும் பஸ்ஸையும் உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் உங்களுக்கு அறிவுறுத்தல் கூட்டம் நடக்கும்போது இதைப் பேசுங்கள்: எச்சரிக்கைகளை வினாத்தாளுக்கு முன்பே முடிப்பது, வெறுமையான கைக்குட்டையை அனுமதிப்பது, கை வேர்த்த பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதது. விதியில் எங்காவது இது தடைப்பட்டிருந்தால் அதை மாற்ற எங்கே எழுத வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம்.

அந்த மாணவி கணிதத்தைத் திரும்ப எழுத விண்ணப்பிக்கப்போகிறாள். எந்த மண்டபம் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே மேற்பார்வைக்கு வருவது உங்களில் ஒருவராக இருக்கலாம். அவள் கை அன்றும் வேர்க்கும். துடைத்துக்கொள்ள விடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலைக் கணித ஆசிரியர் ஒருவர்