நடுவில் எதுவும் ஓடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் மின்தேக்கியைப் பற்றிக் கேட்டிருந்தார். இரண்டு தட்டுகளையும் மின்சாரம் கடத்தாத பொருள் பிரித்து வைத்திருக்கும்போது மின்னோட்டம் எப்படி அதைத் தாண்டுகிறது என்பது அவர் சந்தேகம். "நடுவே மின்னூட்டங்கள் கொஞ்சம் இடம் பெயர்கின்றன, அதனால்தான் அது இடப்பெயர்ச்சி மின்னோட்டம்" என்று இரண்டே வரியில் பதிலை முடித்துவிட்டார்கள். பதில் பாதி சரி. விடுபட்ட பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

இதை எனக்குச் சுட்டிக்காட்டியது எங்கள் மாடி வீட்டுப் பெண். பிளஸ் டூ படிக்கிறாள். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள், "தாத்தா, நடுவுல ஒண்ணுமே வைக்காம காத்தையும் உறிஞ்சி எடுத்துட்டா, அங்க எது இடம் பெயரும்?" என்று கேட்டாள். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். என் வகுப்பில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தோம். இரண்டு எவர்சில்வர் தட்டுகளை முகத்துக்கு முகம் நிறுத்தினேன், அவைதான் மின்தேக்கி. ஒரு தட்டின் முதுகில் ஒரு துண்டு ஒயரை ஒட்டினேன். ஒயரைச் சுற்றி அவளுடைய வளையல் ஒன்று. ஆம்பியர் விதி சொல்வது இதுதான்: வளையலின் விளிம்போடு ஒரு சுற்று நடந்து வா, ஒவ்வொரு அடியிலும் நீ போகும் திசையில் காந்தப்புலம் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிக்கொண்டே வா. கடைசியில் கிடைக்கும் தொகை, வளையலுக்குள் புகுந்து போகும் மின்னோட்டத்தை μ₀ என்ற மாறிலியால் பெருக்கியதற்குச் சமம்.

சரி, "வளையலுக்குள் புகுந்து" என்றால் என்ன அர்த்தம்? வளையலில் ஒரு துணியைப் பறைத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினால், அந்தத் துணியைக் குத்திக்கொண்டு போகும் மின்னோட்டம் என்று அர்த்தம். ஆனால் துணி விறைப்பாக இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை ஒன்று கதவில் தொங்கியது. அதன் வாயை வளையலோடு சேர்த்துக் கட்டி, பையின் அடிப்பக்கம் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வருகிற மாதிரி முதல் தட்டை உள்ளே விட்டேன். இப்போது ஒயரும் அந்தத் தட்டும் பைக்குள்ளே இருக்கின்றன. பையை ஒயர் எங்கேயும் குத்தவில்லை. பையின் வாயும் விறைத்த துணியின் விளிம்பும் ஒரே வளையல்தான். விளிம்பில் இருக்கும் காந்தப்புலமும் ஒன்றுதான். ஆனால் விறைத்த துணியை வைத்துக் கணக்குப் போட்டால் முழு மின்னோட்டம், பையை வைத்துப் போட்டால் பூஜ்யம். ஒரே கேள்விக்கு இரண்டு விடை.

மின்தேக்கி முழுக்க ஏறி முடித்து மின்னோட்டம் நின்றுவிட்டால் இந்தச் சண்டை கிடையாது, இரண்டுமே பூஜ்யம். ஒயர் எங்கும் அறுபடாமல் ஓடும் சாதாரணச் சுற்றிலும் கிடையாது, பையை எப்படித் தைத்தாலும் ஒயர் அதை எங்கேயாவது குத்தியே தீரும். மின்னூட்டம் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்போதுதான் பழைய விதி சறுக்குகிறது. வழியும் அங்கேதான் இருக்கிறது. பைக்குள் இருக்கும் தட்டில் மின்னூட்டம் நொடிக்கு நொடி ஏறுகிறது. அது ஏற ஏற, தட்டிலிருந்து கிளம்பிப் பையின் அடியைக் குத்திக்கொண்டு போகும் மின்புலமும் வலுக்கிறது. பையைக் குத்திப் போகும் மின்புலத்தின் மொத்த அளவுதான் மின்புலப் பாயம். காஸ் விதிப்படி, அதை ε₀ என்ற மாறிலியால் பெருக்கினால் தட்டில் உள்ள மின்னூட்டம் வந்துவிடும். அப்படியானால் பாயம் மாறும் வேகத்தை ε₀ஆல் பெருக்கினால் மின்னூட்டம் ஏறும் வேகம் வர வேண்டும். மின்னூட்டம் ஏறும் வேகம் என்பது ஒயரில் வரும் மின்னோட்டமேதான். ஆகவே விதியை இப்படி எழுதினால் துணியும் பையும் ஒரே விடை சொல்லும்:

∮B·dl = μ₀(I + ε₀ dΦ/dt)

இதில் Φ என்பது மின்புலப் பாயம். இரண்டாவது உறுப்பைச் சேர்த்தவர் மேக்ஸ்வெல், ஆண்டு 1862. இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்தப் பெண்ணுக்கு எழுத்து போதவில்லை, எண் வேண்டும் என்றாள். தட்டின் ஆரம் 5 செ.மீ., இடைவெளி 1 மி.மீ., நடுவே வெறும் காற்று, ஒயரில் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டோம். இந்த மின்தேக்கியின் தேக்குதிறன் சுமார் 70 பிகோஃபாரட். மின்னழுத்தம் ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் ஏறத்தாழ 1,440 வோல்ட் ஏறும், மின்புலம் மீட்டருக்கு 14.4 லட்சம் வோல்ட் கூடும். மின்புலம் கூடும் அந்த வேகத்தை நொடிக் கணக்குக்கு மாற்றி, தட்டின் பரப்பான 0.00785 சதுர மீட்டராலும் ε₀ஆலும் பெருக்கிப் பார்த்தால் 0.1 ஆம்பியர் அச்சாக வந்து நிற்கிறது. கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். (மூன்று மைக்ரோ நொடி தாண்டினால் மின்னழுத்தம் 4,300 வோல்ட்டைத் தாண்டிவிடும். 1 மி.மீ. காற்று அதைத் தாங்காது, பொறி பறக்கும். இந்தக் கணக்கின் ஆயுள் அவ்வளவுதான்.)

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்ததுதான். 2.5 செ.மீ. ஆரமுள்ள வளையம் ஒன்றைத் தட்டுகளுக்கு நடுவே வைத்தால் எவ்வளவு? பரப்பில் கால் பங்குதான், எனவே 0.025 ஆம்பியர். அந்த விளிம்பில் காந்தப்புலம் 0.2 மைக்ரோடெஸ்லா. அதே வளையத்தை வெளியே ஒயரைச் சுற்றி வைத்தால் முழு 0.1 ஆம்பியர், 0.8 மைக்ரோடெஸ்லா. "அப்போ அந்தச் சின்ன வளையல்லேருந்து பையை நடுவுக்கு இழுத்தா, கால் பங்குதானே வரும்? மறுபடியும் ரெண்டு விடையாச்சே!" என்று மடக்கினாள். நல்ல மடக்கு. ஆனால் அதே அகலத்தில் பையை இழுத்தால் அது தட்டையே கிழித்துக்கொண்டுதான் போக முடியும். ஒயரிலிருந்து தட்டின் நடுவில் இறங்கும் மின்னூட்டம் ஓரம் வரை பரவ வேண்டுமே. அந்தப் பரவலில் முக்கால் பங்கு, அதாவது 0.075 ஆம்பியர், தட்டின் உலோகத்துக்குள்ளேயே பையைத் தாண்டி வெளிப்பக்கம் போகிறது. மீதி 0.025 இடைவெளியில் பாயமாக. கூட்டினால் மறுபடியும் 0.1. இதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. (ஓரத்தில் மின்புலம் லேசாகப் பிதுங்குவதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.)

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். வீட்டு ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் படலம்தான் இருக்கும். மின்புலம் மாறும்போது அந்தப் படலத்தின் மூலக்கூறுகளில் கட்டுண்ட மின்னூட்டங்கள் நிஜமாகவே துளி நகர்கின்றன. அந்தப் பொருளின் சார்பு விடுதிறன், அதாவது வெற்றிடத்தை 1 என்று வைத்தால் அதன் மதிப்பு, சுமார் 2.2. அதில் கூடுதலாக இருக்கும் 1.2தான் அந்த நகர்வின் பங்கு. எனவே அங்கே மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் அந்த நகர்வினால் வருவது. அந்தப் பகுதிக்கு நீங்கள் எழுதியது பொருந்தும். மீதி, மின்புலம் மாறுவதால் மட்டுமே வருவது. வெற்றிடத்தில் இந்த மீதிதான் முழுதும். அங்கே எதுவும் நகர்வதில்லை, எதுவும் ஓடுவதில்லை. "மின்னோட்டம்" என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. மேக்ஸ்வெல் வெற்றிடத்திலும் ஏதோ ஒரு ஊடகம் இருப்பதாக நினைத்துத்தான் இடப்பெயர்ச்சி என்று பெயர் வைத்தார். ஊடகம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

நடுவில் ஒரு காந்த ஊசியை வைத்துப் பார்த்துவிடலாமே என்றாள். தட்டின் விளிம்பில், அதாவது புலம் அதிகமாக இருக்கும் இடத்திலேயே, 0.4 மைக்ரோடெஸ்லாதான். சென்னையில் பூமியின் காந்தப்புலம் அதைப்போல நூறு மடங்கு. அதுவும் மூன்று மைக்ரோ நொடியில் முடிந்துவிடும் கதை, ஊசி அசையாது. 1985இல் பார்ட்லெட், கோர்ல் என்ற இருவர் ஸ்குவிட் எனப்படும் மிக நுட்பமான காந்தமானியால் தட்டுகளுக்கு நடுவே இந்தப் புலத்தை அளந்து காட்டினார்கள். கணக்குச் சொன்னபடியே இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. மெதுவாக ஏறும் மின்தேக்கியில், ஒயரிலும் தட்டிலும் ஓடும் நிஜ மின்னோட்டங்களை மட்டும் வைத்து பயோ-சவார்ட் விதியால் கணக்கிட்டாலும் நடுவே அதே காந்தப்புலம்தான் வரும். ஆக, அந்தப் புலத்தை இடப்பெயர்ச்சி மின்னோட்டம்தான் உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. வளையலை வைத்துப் போடும் கணக்கு ஒத்துப்போக அது கட்டாயம் வேண்டும், அவ்வளவே. தட்டு, ஒயர் எல்லாவற்றையும் விட்டு வெகுதூரம் போன பிறகுதான் அது தன் சொந்தக் காலில் நிற்கிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு அலையாகப் போகும்போது அங்கே ஓடுவதற்கு ஒரு ஒயரும் கிடையாது. மேக்ஸ்வெல் அந்த அலையின் வேகத்தைக் கணக்கிட்டார். இன்றைய எழுத்தில் அது 1/√(μ₀ε₀), நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ., ஒளியின் வேகம். அந்த அலைகளை ஹெர்ட்ஸ் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டியது 1880களின் கடைசியில். மேக்ஸ்வெல் அதற்குள் இறந்துவிட்டார்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும்: வெற்றிட மின்தேக்கியின் நடுவில் மின்னூட்டம் எதுவும் நகர்வதில்லை, மின்புலம் மட்டுமே மாறுகிறது. மாடி வீட்டுப் பெண் இதழை எனக்கு முன்னால் பிரித்துப் பார்த்துவிடுவாள், அதனால் விட்டுவிடாதீர்கள். வளையலை இன்னும் திருப்பித் தரவில்லை என்று வேறு கோபத்தில் இருக்கிறாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நங்கநல்லூர், சென்னை - 61